ஒன்றரை என்னும் பொய்க்கணக்கு

திருப்பூரில் 'ஒன்றரை' என்று ஒரு சொல் இருக்கிறது. "இன்னைக்கு ஒன்றரையா?" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், காலை எட்டரைக்குப் போய் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவாயா என்று பொருள். எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் இருந்தால் அரை ஷிப்ட். இரண்டும் சேர்ந்து ஒன்றரை. பல்லாயிரம் பேர் நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் இந்தச் சொல்லில் கூட்டல் பிழை இருக்கிறது. சட்டப்படி அது இரண்டு.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, இருபது ஆண்டுகளாகச் சொல்லுக்குப் பொருள் சொல்லிப் பிழைக்கும் நான் இதைக் கவனித்ததில்லை. கவனிக்கவைத்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தையல் தொழிலாளி. பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் ஓட்டுபவர். 2018 ஜூலை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கையில் தினசரி காலண்டர் தாள்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கோணுங்க. சூப்பர்வைசருக்கு."

"லீவு லெட்டரா?"

"இல்லீங்க. நான் எத்தனை மணி நேரம் ஓ.டி. பாத்தேன், அதுக்கு என்ன ரேட்டு போட்டாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தன் உழைப்பின் கணக்கைக் கேட்பவரிடம் காரணம் கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனாலும் அவர் சொன்னார். வீட்டுக்காரர் சனிக்கிழமைச் சம்பளக் கவரை எண்ணுகிறாராம். "நாலு நாளு பத்து மணிக்கு வர்றே. அதுக்கு எண்ணூறு ரூவாதானா? மிச்சம் எங்கே?" என்கிறாராம். மிச்சத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார் என்பது ஒரு சந்தேகம். பத்து மணி வரை கம்பெனியில்தான் இருந்தாரா என்பது இன்னொன்று.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கம்பெனி கொடுக்காத பணம், வீட்டில் இவர் திருடிய பணமாகக் கணக்கு ஏறுகிறது. கம்பெனி எழுதாத நேரம், இவர் ஒழுக்கத்தின் மேல் கறையாகப் படிகிறது. எழுதப்படாத மிகைநேரம் ஆணுக்குக் கூலி இழப்பு. பெண்ணுக்கு அது கூலி இழப்போடு நிற்பதில்லை.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தாளை எடுத்து இப்படி ஆரம்பித்தேன்: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...' முடிவும் மனதில் தயாராக இருந்தது: 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிதலுள்ள.' வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "இதுல எதுங்க நான் கேக்கிறது?"

நம் பள்ளியிலும் கல்லூரியிலும் கடிதம் என்று கற்றுத்தருவது இதைத்தான். விடுப்பு விண்ணப்பம், தெருவிளக்குக்கு விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். எல்லாவற்றிலும் எழுதுபவர் கீழே, பெறுபவர் மேலே. தரவேண்டிய கடமை உள்ளவரிடம் தரும்படி சொல்வதற்கு நம் பாடத்திட்டத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இல்லை. கேள்வி கேட்கும் கடிதத்துக்குப் பத்து மதிப்பெண் நான் ஒருநாளும் போட்டதில்லை. 'தாழ்மையுடன்' விடுபட்டால் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். மொழிப்பாடம் என்ற பெயரில் பெண்பிள்ளைகளுக்குக் குனியும் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவருடைய காலண்டர் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு நேரங்கள்: உள்ளே போனது, வெளியே வந்தது. ஜூலை 2 திங்கள் முதல் 28 சனி வரை, நான்கு வாரம். ஒவ்வொரு வாரமும் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஒன்றரை. புதனும் சனியும் ஒரு ஷிப்ட். மூன்றாம் வாரத்தில் 18ஆம் தேதி புதன்கிழமை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு. ஷிப்டுக்கு 400 ரூபாய், அதாவது மணிக்கு 50. மிகையாகப் பார்த்தது வாரத்துக்கு 16 மணி, நான்கு வாரத்துக்கு 64 மணி. அதற்கு வந்தது மணிக்கு அதே 50 வீதம் 3,200 ரூபாய்.

வரவேண்டியது எவ்வளவு? அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், அந்த மிகைநேரத்துக்குச் சாதாரண ஊதியத்தைப் போல் இரு மடங்கு தரவேண்டும். ஆக, அரை ஷிப்ட் நேரத்துக்கு ஒரு ஷிப்ட் கூலி. ஒன்றரை என்பது இரண்டு.

'ஒன்பது மணி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கம்பெனி ஒரு வாதம் வைக்கும்: எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலுள்ள மணி மிகைநேரம் ஆகாது, எனவே நாளுக்கு மூன்று மணிதான் கணக்கு. இதற்குப் பதில் அதே வரியில் 'அல்லது' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு நாளும் எட்டு மணி நேரம் வேலை பார்த்தவருக்கு 48 அங்கேயே நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் பார்த்த 16 மணியும் மிகைநேரம்தான். ஆனால் விடுப்பு எடுத்த வாரத்தில் கதை மாறும். ஐந்து நாள் எட்டு மணி 40, கூடுதல் 16, மொத்தம் 56. வாரக் கணக்கில் 48ஐத் தாண்டியது எட்டு மணிதான். நாள் கணக்கில் பார்த்தால், ஒன்றரை பார்த்த நான்கு நாளும் ஒன்பதைத் தாண்டி மும்மூன்று மணி, ஆகப் பன்னிரண்டு. இரண்டில் எந்த வரம்பைத் தாண்டினாலும் மிகைநேரம்தான் என்பதால், அந்த வாரம் பன்னிரண்டு.

அப்படியானால் நான்கு வாரத்தில் சட்டப்படி மிகைநேரம் 16, 16, 12, 16. கூட்டினால் 60 மணி. மணிக்கு 100 வீதம் 6,000 ரூபாய். மிச்சமுள்ள நான்கு மணிக்குச் சாதாரண விகிதத்தில் 200. மொத்தம் 6,200. வந்தது 3,200. ஒரு மாதத்தில் குறைந்தது 3,000 ரூபாய். வீட்டுக்காரர் தேடிய மிச்சம் இதுதான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கடிதத்தில் என்ன கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. 'எத்தனை மணி நேரம்' என்று மட்டும் கேட்டால் ஒரு மொத்த எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மொத்த எண்ணை வைத்துக்கொண்டு மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போடமுடியாது. தேதி தேதியாக வேண்டும். விகிதத்தையும் வெறுமனே கேட்கக் கூடாது, எந்தத் தொகையின் மேல் போட்ட விகிதம் என்று கேட்கவேண்டும். ஏனென்றால் 'இரட்டிப்புத்தானே கொடுக்கிறோம்' என்று சொல்லும் இடங்களிலும் ஏமாற்று உண்டு. 400 ரூபாயை அடிப்படை 240, படிகள் 160 என்று தாளில் பிரித்துவிட்டு, 240ஐ மட்டும் இரட்டிப்பார்கள். மணிக்கு 100 வரவேண்டியது 60 ஆகிவிடும். சட்டமோ அடிப்படையோடு தொழிலாளிக்கு உரிய படிகளையும் சேர்த்ததுதான் சாதாரண ஊதியம் என்கிறது. போனஸையும் மிகைநேர ஊதியத்தையும் மட்டுமே அதில் சேர்ப்பதில்லை.

நாங்கள் எழுதிய கடிதம் இது:

'30.07.2018

லைன் சூப்பர்வைசர் அவர்களுக்கு,

2018 ஜூலை 2 முதல் 28 வரை நீங்கள் சொன்னபடி மிகைநேரம் வேலை செய்தேன். என் குறிப்பின்படி அது 64 மணி நேரம். தேதிவாரியான பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். இந்த நாட்களுக்குக் கம்பெனிப் பதிவில் உள்ள விவரத்தை எழுத்தில் தரவும்:

1. ஒவ்வொரு தேதியிலும் பதிவான வேலை நேரம், அதில் மிகைநேரம் எவ்வளவு.
2. மிகைநேரத்துக்கு மணிக்குப் போட்ட விகிதம். எந்தத் தொகையை வைத்து அந்த விகிதம் கணக்கிடப்பட்டது.
3. அதன்படி எனக்குக் கொடுத்த தொகை.

என் பட்டியலில் தவறு இருந்தால் எந்தத் தேதியில் என்று குறிப்பிடவும். ஏழு நாட்களுக்குள் பதில் தரவும். இதன் நகல் மேலாளருக்கும் கொடுத்துள்ளேன்.'

கீழே அவர் பெயர், டோக்கன் எண், கையெழுத்து. வணக்கமும் இல்லை, வசையும் இல்லை. பணம் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. அது அவர் முடிவு. "முதல்ல கணக்கு வரட்டுங்க. கணக்கு வந்தா காசு எங்கே போகும்?" என்றார்.

மேலாளர் இருக்கும்போது சூப்பர்வைசருக்கு ஏன் எழுதவேண்டும் என்று என் தோழி ஒருவர் பின்னால் கேட்டார். விகிதத்தை முடிவு செய்பவர் சூப்பர்வைசர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் மாலை ஐந்தேகாலுக்கு லைனில் வந்து நிற்பவர் அவர். 'தங்கச்சி, இன்னைக்கு ஒருநாள் ஒத்தாசை பண்ணும்மா, ஷிப்மென்ட் போகணும்' என்று சொல்பவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலாளி தொழிலாளி உறவு அண்ணன் தங்கை உறவாகிவிடுகிறது. வேலை ஒத்தாசை ஆகிவிடுகிறது. ஒத்தாசைக்கு விகிதம் ஏது? அண்ணனிடம் ரசீது கேட்கும் தங்கை உண்டா? ஆண் மேஸ்திரிக்கு 'ஓ.டி. இருக்கு, பாக்கிறியா?' என்று வேலையாகச் சொல்லப்படுவது, பெண்ணுக்கு உறவாகச் சொல்லப்படுகிறது. கடிதம் முதலில் உடைப்பது இந்த உறவை. 'நீங்கள் சொன்னபடி மிகைநேரம் வேலை செய்தேன்' என்ற வரி அதற்காகவே எழுதியது. நானாக விரும்பி உட்கார்ந்திருக்கவில்லை, நீ சொன்னாய், நான் செய்தேன், அது வேலை.

கம்பெனிகள் இதை எழுதித் தரத் தயங்குவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு, மிகைநேரம் சேர்த்தும் ஒரு நாளைக்குப் பத்து மணிக்கு மேல் போகக் கூடாது என்றும், காலாண்டுக்கு மிகைநேரம் 50 மணியைத் தாண்டக் கூடாது என்றும் எல்லை வைத்திருந்தது. இந்தப் பெண்ணின் காலாண்டு ஜூலை 1இல் தொடங்கியது. முதல் மாதம் முடியும் முன்பே 60. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிய ஒவ்வொரு நாளும் தனித்தனி மீறல். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். அதனால்தான் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்கு ஒரு பதிவேடும், சனிக்கிழமைக் கவருக்கு ஒரு பதிவேடும் வைக்கும் வழக்கம் இங்கே வேரோடியது. கவரின் மேல் எழுதிய எண்ணும், கையெழுத்து வாங்கும் பதிவேட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டி, மற்றதை அட்டையால் மூடிப் பிடிப்பார்கள்.

இது திருப்பூர்ச் சூப்பர்வைசர்களின் சில்லறைத் தந்திரம் என்று நினைக்கவேண்டாம். அரசே இதைச் செய்து பார்த்தது. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு வேண்டாம், வழக்கமான கூலியின் விகிதத்திலேயே கொடுத்தால் போதும் என்றது. ஒன்றரையை ஓர் அரசு சட்டமாக்கப் பார்த்தது. குஜராத் மஸ்தூர் சபா வழக்குத் தொடுத்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்து, அந்தக் காலத்து மிகைநேர ஊதியத்தைச் சட்டப்படி கொடுக்கச் சொன்னது. பின்னர் வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அதிலும் 14ஆம் பிரிவு இரட்டிப்புக்குக் குறையக் கூடாது என்கிறது, 50ஆம் பிரிவு ஊதியச் சீட்டு தரவேண்டும் என்கிறது. விகிதம் தெரியாமல் போகும் இடத்தில் சட்டம் எதுவாக இருந்தும் பயனில்லை.

என் இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு இந்தக் கடிதம் சிறியதாகப் பட்டது. "தனிநபர் மனு போட்டு என்ன ஆகும்? சங்கம் கட்டவேண்டும்" என்றார்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சங்கத்தின் மேசைக்குப் போனாலும் அங்கே முதலில் கேட்பது 'என்ன ஆதாரம் இருக்கிறது?' என்றுதான். ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின்படி அதிகாரியிடம் கோரிக்கை வைக்க அன்று இருந்த கெடு பன்னிரண்டு மாதம். கூட்டம் கூடித் தீர்மானம் போடும்வரை அது காத்திருக்காது. இன்னொரு தரப்பு, என் சக பேராசிரியைகள்: "அனுசரித்துப் போனால்தானே வேலை நிலைக்கும்?" அனுசரிப்பின் விலை மாதம் 3,000 ரூபாய் என்று இப்போது என்னால் சொல்லமுடியும். அவர்களில் யாரும் விடைத்தாள் திருத்தும் படியில் பத்து ரூபாய் குறைந்தால் அனுசரிப்பதில்லை.

கடிதம் என்ன ஆயிற்று? சூப்பர்வைசர் இரண்டு நாள் கையில் வாங்கவில்லை. டைம் ஆபீசில் வாங்கினார்கள், நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுத மறுத்தார்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு மட்டும் ஓ.டி. நின்றது. பக்கத்து மிஷினில் இருந்தவர்கள் டீ நேரத்தில் தள்ளி உட்கார்ந்தார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. கேட்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கேட்டவர் தனியாகக் கொடுத்தார், எழுதிக் கொடுத்த நான் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு தாள் வந்தது. மொத்தம் 64 மணி, தொகை 3,200 என்று எழுதி முத்திரை வைத்திருந்தது. தேதிப் பட்டியல் இல்லை. விகிதம் என்ற இடம் காலியாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வகுத்தாலும் ஐம்பது என்று வந்துவிடும். ஆனாலும் அதை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. அந்தக் காலியிடமும் ஆதாரம்தான். 64 மணியை அவர்கள் மறுக்கவில்லை, 3,200ஐயும் மறுக்கவில்லை. காலண்டர் தாள்களில் தேதிகள் இருந்தன. இந்த மூன்றையும் வைத்துக் கெடுவுக்குள் கோரிக்கை வைத்தார். பேச்சுவார்த்தையில் மூவாயிரத்தில் இரண்டாயிரம் வந்தது. ரசீதில் 'உதவித்தொகை' என்று எழுதி நீட்டினார்களாம். 'ஓ.டி. வித்தியாசம்' என்று மாற்றி எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் நின்றேன் என்று சொன்னபோது, என்னைவிட நல்ல தமிழாசிரியை என்று தோன்றியது.

இப்போது என் வகுப்பில் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு இந்தக் கடிதத்தை எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகள். 'தாழ்மையுடன்' என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பதில்லை. 'இதில் நீ கேட்பது எது?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தேதியும் விகிதமும் கேட்காமல் விட்டால் குறைக்கிறேன்.

அந்தத் தாள் வந்த அன்று அவர் அதை வீட்டுக்காரரிடமும் காட்டினார். 64 மணி நேரம் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு முத்திரை வைத்த சாட்சி. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"படிச்சுப் பாத்தாருங்க. மடிச்சுக் குடுத்துட்டாரு. ஒண்ணும் சொல்லலீங்க."

"மன்னிப்பு?"

அவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் எந்த ஆபீசுக்குங்க லெட்டர் போடுறது?"